பத்துக்குப் பதினொன்று ஹாலுக்கு எந்த டிவி?

வாசகியின் கேள்வி: பாம்பனில் தென்கடல் பக்கம் எங்கள் வீடு. கடற்கரை நடந்து போகும் தூரம்தான். ஹால் 10க்கு 11 அடி. 11 அடிச் சுவரின் நடுவில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. அம்மா வாசல் பக்கச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்காருவார். பிள்ளைகள் பாயில். பழைய 32 இன்ச் டிவியில் கோடு விழுந்துவிட்டது. கடையில் 55 இன்ச் கியூஎல்ஈடி 4கே எடுக்கச் சொல்கிறார்கள். கையில் இருப்பது 40,000 ரூபாய். கேபிள் கனெக்‌ஷன்தான், இரவில் கொஞ்சம் யூடியூப். அம்மா, "சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

யார் எங்கே உட்காருவார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது பெரிய உதவி. டிவி வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே அதுதான். அதை வைத்து ஒரு தாளில் உங்கள் ஹாலை வரைந்து பார்த்தேன். சோபாவில் உட்காருபவரின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே சுமார் ஏழரை அடி இருக்கும். பாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஐந்தடி. அம்மாவின் நாற்காலி திரையின் நடுவிலிருந்து நாலடி பக்கவாட்டில், நாலடி முன்னால் வருகிறது. அதாவது அவர் திரையை நேராகப் பார்ப்பதில்லை, 45 டிகிரி சாய்வாகப் பார்க்கிறார். பெரிய ஹாலில் எல்லோரும் தள்ளி உட்காருவதால் இந்தச் சாய்வு குறைந்துவிடும். சின்ன ஹாலில்தான் பக்கச் சுவரோரம் உட்காருபவருக்கு இவ்வளவு சாய்வு வரும். அதனால் உங்கள் வீட்டுக்கு 4கே என்பதைவிடத் திரைக்குள் இருக்கும் பேனல் எந்த வகை என்பதுதான் முக்கியம்.

கடையில் எல்ஈடி, கியூஎல்ஈடி என்று சொல்லும் டிவிகள் எல்லாமே அடிப்படையில் ஒன்றுதான். பின்னால் எல்ஈடி விளக்குகள் எரியும், முன்னால் திரவப் படிகம் உள்ள பேனல் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் வெளியே வரலாம் என்று தீர்மானிக்கும். கியூஎல்ஈடியில் கூடுதலாக, விளக்குக்கும் பேனலுக்கும் நடுவே நிறத்தைச் செழிப்பாக்கும் ஒரு படலம் உண்டு, அவ்வளவுதான். அந்தப் பெயர் பேனலின் வகையைச் சொல்லாது.

பேனலில் இரண்டு வகைதான் பெரும்பாலும் வருகிறது: விஏ, ஐபிஎஸ். விஏ பேனலில் படிகங்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும், அந்த நிலையில் வெளிச்சத்தை நன்றாக அடைத்துவிடும். அதனால் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் சாதாரணமாக 3000க்கு 1 அல்லது அதற்கும் மேல் வரும். ஆனால் இது நேர் எதிரே இருப்பவருக்குத்தான். பக்கவாட்டில் நகர நகரக் கறுப்பு சாம்பலாகும், முகங்கள் வெளிறும், சிவப்புச் சேலை ஆரஞ்சுப் பக்கம் போகும். ஐபிஎஸ் பேனலில் படிகங்கள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்த வாக்கிலேயே திரும்பும். அதனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். விலையாகக் கொடுப்பது கறுப்பை: விகிதம் 1000க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். இருட்டறையில் இரவுக் காட்சி பார்த்தால் கறுப்பு கொஞ்சம் புகைமூட்டமாகத் தெரியும்.

உங்களுக்கு ஐபிஎஸ்தான் சரி. அம்மாவும் பிள்ளைகளும் சாய்வாகப் பார்க்கிறார்கள். பகலில் கடல் வெளிச்சம் நிறைந்த ஹாலில், விஏ பேனலின் ஆழமான கறுப்பு கண்ணுக்கு எட்டவே எட்டாது, திரையில் விழும் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பீர்களானால், டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாற்போல் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், சாம்பல் கறுப்பு அவ்வளவாக உறுத்தாது. தம்பதி இருவர் மட்டும் நேர் எதிரே உட்கார்ந்து இரவில் படம் பார்க்கும் வீடாக இருந்தால் விஏ வாங்கச் சொல்லியிருப்பேன். பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்ஈடி இந்த இரண்டு குறையும் இல்லாதது, ஆனால் உங்கள் தொகைக்குள் வராது. நாள் முழுக்க ஒரே இடத்தில் சேனல் முத்திரையும் செய்தி வரியும் ஓடும் வீட்டில் அவை திரையில் நிரந்தரமாகப் படிந்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு.

சிக்கல் என்னவென்றால், விஏ, ஐபிஎஸ் என்பதைப் பெட்டியில் பெரும்பாலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். விற்பவருக்கும் பல நேரம் தெரியாது. ஆகவே நீங்களே சோதிக்க வேண்டும். ஒரு பென் டிரைவில் வீட்டில் யாருடைய முகமாவது நன்றாகத் தெரியும் ஒரு போட்டோ, முழுக்கக் கறுப்பான ஒரு படம், முழுக்க வெளிர் சாம்பலான ஒரு படம், பிறகு செய்தி வாசிப்பவர் பேசும் ஒரு சின்ன வீடியோ, இந்த நான்கையும் போட்டுக்கொண்டு போங்கள். முகப் போட்டோவை வைத்துவிட்டு நேர் எதிரே நில்லுங்கள். பிறகு திரையிலிருந்து உள்ள தூரம் மாறாமல், அம்மா உட்காரும் அளவுக்குப் பக்கவாட்டில் நடந்து போங்கள். முகம் வெளிறிச் சாம்பல் பூத்தால் அது விஏ. நிறம் நின்றால் ஐபிஎஸ். முன்னே பின்னே இரண்டு மூன்று டிவிகளில் இதையே செய்து பார்த்தால் வித்தியாசம் எளிதில் பிடிபடும். சாம்பல் படத்தில் எங்காவது கறை போல இருட்டுத் திட்டு தெரிகிறதா, கறுப்புப் படத்தில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பாருங்கள். விரலால் திரையை அழுத்திப் பார்த்து வகை சொல்பவர்கள் உண்டு, அதைச் செய்ய விடாதீர்கள். பேனலுக்கு அது நல்லதல்ல.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே வரிசையில் வரும் டிவிகளிலேயே 43 இன்ச்சில் ஒரு வகைப் பேனலும் 50 இன்ச்சில் வேறு வகையும் இருக்கலாம். காட்சிக்கு வைத்திருக்கும் 50 இன்ச்சைச் சோதித்துவிட்டு 43க்குப் பணம் கட்டினால் சோதனைக்கு அர்த்தமில்லை. வாங்கப் போகும் அதே அளவு, அதே மாடல் எண். முடிந்தால் வீட்டுக்கு வரப்போகும் பெட்டியையே பிரித்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி அளவும் 4கேயும். 55 இன்ச் திரையின் அகலம் 122 செ.மீ., அதாவது நாலடி. பாயில் ஐந்தடியில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 43 இன்ச்சின் அகலம் 95 செ.மீ., உங்கள் தூரங்களுக்கு அது நிறைவாகப் பொருந்தும். நல்ல பார்வை உள்ளவர் பிரித்துப் பார்க்கக்கூடிய அளவை வைத்துக் கணக்கிட்டால், 43 இன்ச் ஃபுல் எச்டி திரையில் சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனிப் புள்ளிகள் தெரியாது. ஏழரை அடியில் இருக்கும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் ஃபுல் எச்டியும் 4கேயும் கண்ணுக்கு ஒன்றுதான். இப்போது 43 இன்ச்சில் பெரும்பாலும் 4கேதான் வருகிறது என்பதால் அது எப்படியும் உங்களுக்குக் கிடைத்துவிடும். அதற்கென்று தனியாகப் பணம் கூட்டாதீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் திரைக்கு என்ன வருகிறது என்பது. சாதாரண எஸ்டி கேபிள் சேனலில் ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளிகள், சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம். 4கே திரையில் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். சரியாக 20 மடங்கு. அதாவது திரையில் தெரியும் ஒவ்வொரு 20 புள்ளிக்கும் ஒன்றுதான் கேபிளில் இருந்து வருகிறது, மற்ற 19ஐ டிவி அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்துப் போடுகிறது. திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஊகத்தின் மழுங்கல் கூடிக்கொண்டே போகும். 55 இன்ச் வாங்கிய வீடுகளில் "பழைய டிவியில படம் இதைவிட நல்லாருந்துச்சே" என்ற புகார் எனக்கு அடிக்கடி வருவது இதனால்தான். போய்ப் பார்த்தால் டிவியில் ஒரு குறையும் இருக்காது.

எனவே டிவி வாங்கும் அன்றைக்கே கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் கேளுங்கள். எச்டி சேனலில் 1920க்கு 1080 புள்ளிகள் வரும், எஸ்டியைப் போல ஐந்து மடங்கு. பாக்ஸ் மாற்றினால் மட்டும் போதாது. பல வீடுகளில் புது பாக்ஸையும் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வயரில் எச்டி படம் வராது. எச்டிஎம்ஐ வயரில்தான் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு பாக்ஸின் செட்டிங்ஸில் படத்தின் அளவு 576 என்று இருந்தால் அதை 1080க்கு மாற்றுங்கள். டிவியில் படத்தின் மோடு "Vivid" என்று இருந்தால் "Standard" அல்லது "Cinema"வுக்குக் கொண்டுவந்து, "Sharpness"ஐயும் குறையுங்கள். அதைக் கூட்டினால் தெளிவு வராது, எழுத்துகளைச் சுற்றி வெள்ளை விளிம்புதான் வரும். யூடியூபில் 1080 தாராளமாகப் போதும்.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். அவர் சொன்ன வாக்கியத்தைப் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் நான் அப்படியே கேட்டிருக்கிறேன், அதில் முழு விஷயமும் இருக்கிறது. பேச்சில் 'அ', 'ஓ' போன்ற உயிரோசைகள் தாழ்ந்த சுருதியில் வரும், சத்தத்தின் பலம் அதில்தான். 'ச', 'த', 'க' போன்ற மெய்யோசைகளை அடையாளம் காட்டுவது மேல் சுருதி, இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல். வயதாகும்போது காது முதலில் இழப்பது இந்த மேல் சுருதியை. இன்றைய டிவிகள் மெல்லியதாக இருப்பதால் ஸ்பீக்கரைக் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ வைக்கிறார்கள். தாழ்ந்த சத்தம் எந்தப் பக்கம் போனாலும் சுற்றி வந்துவிடும். மேல் சுருதி அப்படி வராது, நேராகப் போகும் குணம் அதற்கு. கீழே மேசையிலும் பின்னால் சுவரிலும் மோதி, டைல்ஸ் தரையிலும் சிமெண்ட் சுவரிலும் எதிரொலித்துக் குழம்பித்தான் அம்மாவின் காதுக்கு வந்து சேருகிறது. மேலே மின்விசிறியின் இரைச்சல் வேறு. சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறதே தவிர வார்த்தை தெளிவதில்லை.

பெட்டியில் 20 வாட், 30 வாட் என்று போட்டிருப்பது இதற்கு உதவாது. வாட் என்பது எவ்வளவு பலமாக ஒலிக்கும் என்பதைச் சொல்லும், எவ்வளவு தெளிவாக என்பதை அல்ல. உங்களுக்கு வேண்டியது கேட்பவரை நோக்கி இருக்கும் ஸ்பீக்கர். 43 இன்ச் டிவிக்குச் சுமார் 30,000 என்று நிறுத்திக்கொண்டு, மீதியில் ஒரு சின்ன சவுண்ட்பார் வாங்குங்கள். நடுவில் வசனத்துக்கென்றே தனி ஸ்பீக்கர் உள்ளது கிடைத்தால் நல்லது. தொகைக்குள் அது கிடைக்காவிட்டாலும் முன்னோக்கிய இரண்டு ஸ்பீக்கர் உள்ள சாதாரண பாரே பெரிய மாற்றம் தரும். கூடவே பெரிய ஊஃபர் வருவதைத் தேடாதீர்கள். 10 அடியும் 11 அடியும் நெருங்கிய அளவுகள். இந்த அளவு அறையில் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த சத்தம் இரண்டு திசையிலும் சுவருக்குச் சுவர் மோதி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மூலையில் ஊஃபரை வைத்தால் 'தொம் தொம்' என்று அதுதான் நிற்கும், வசனம் அடியில் போய்விடும்.

சவுண்ட்பாரை ஷோகேஸ் தட்டின் உள்ளே தள்ளி வைக்காதீர்கள். தட்டின் முன்விளிம்புக்குச் சமமாக, மேலே மூடல் இல்லாமல் இருக்கட்டும். வாங்குவதற்கு முன் அதன் உயரத்தை அளந்து பாருங்கள். டிவியின் கால் குட்டையாக இருந்தால் பார் திரையின் அடிப்பகுதியை மறைக்கும், ரிமோட் சிக்னல் வாங்கும் இடத்தையும் மறைத்துவிடும். இணைப்பு எச்டிஎம்ஐ வயரில், டிவியில் "ARC" என்று எழுதியிருக்கும் துளையில்தான் இருக்க வேண்டும். வேறு துளையில் மாட்டினால் சத்தம் வராது. சரியான துளையில் மாட்டியும் வரவில்லை என்றால் டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் டிஜிட்டல் அவுட்புட்டை "PCM" என்று மாற்றுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ப்ளூடூத்தில் இணைத்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று பிந்தி வர வாய்ப்புண்டு. ஜன்னலுக்குக் கனமான துணித் திரையும் தரைக்கு ஒரு தடித்த விரிப்பும் போட்டால் எதிரொலி அடங்கும். பென் டிரைவில் இருக்கும் செய்தி வீடியோ இதற்குத்தான்: கடையில் சத்தத்தைக் குறைத்து வைத்து, பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் அம்மாவையே அழைத்துப் போங்கள். நேரில் பேசும்போதும் அவர் "என்னது?" என்று கேட்பாரானால் காது மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது, அதை எந்த ஸ்பீக்கரும் தீர்க்காது.

பழைய டிவியில் கோடு விழுந்ததாக எழுதியிருந்தீர்கள். கடலோர வீடுகளில் எனக்கு அதிகம் வரும் பழுது அதுதான். புதுசுக்கும் அது வராமல் இருக்க, காரணம் தெரிந்திருக்க வேண்டும். பேனலின் விளிம்பில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணாடியோடு ஒட்டிய மெல்லிய பட்டைகள் வழியாகத்தான் ஒவ்வொரு வரிசைக்கும் சிக்னல் போகிறது. காற்றில் வரும் உப்புத்தூள் அங்கே படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கரையும். பாம்பனில் இரவு நேரங்களில் அந்த ஈரம் சாதாரணம். அந்த உப்புநீர் செப்புக் கம்பியை அரிக்கும்போது மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும், பிறகு அது பட்டையாகப் பெருகும். இன்னொரு காரணம் நம் கையாலேயே வருவது: ஈரத்துணியாலோ, ஸ்பிரே அடித்தோ திரையைத் துடைத்தால் நீர் வழிந்து அடிவிளிம்புக்குள் இறங்கி அதே பட்டைகளில் தங்கும். காய்ந்த மென்துணி போதும். பிசுக்கு இருந்தால் துணியை லேசாக நனைத்து நன்கு பிழிந்துவிட்டு, துளி சொட்டாமல் துடையுங்கள்.

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே டிவி வேண்டாம். வெளிச்சமும் அடிக்கும், காற்றும் அடிக்கும். தென்கடல் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ஜன்னலைச் சாத்தியே வையுங்கள். ஓடும்போது பிளாஸ்டிக் உறை போடக் கூடாது, பின்பக்கம் சூடு வெளியேற நாலு விரல் இடைவெளி வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் டிவி சீக்கிரம் கெடுவதைப் பார்க்கிறேன். தினமும் சிறிது நேரம் ஓடுகிற டிவியின் உட்சூடே அதை உலர்த்தி வைக்கும். "Backlight" அளவை முழுவதும் வைக்காமல் 60, 70க்குள் வைத்தால் உள்ளே இருக்கும் எல்ஈடி விளக்குகள் கூடுதல் காலம் உழைக்கும். அந்த விளக்குகள் ஒரு வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று அணைந்தால் வரிசையே அணையலாம். சத்தம் வந்து படம் இல்லாமல் போனால், இருட்டில் டார்ச்சைத் திரையை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது, அதைக் குறைந்த செலவில் மாற்றலாம். பேனல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம்.

சுவரில் மாட்டுவதாக இருந்தால் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் திருகு கேட்டு வாங்குங்கள். உயரமும் கவனம்: ஷோகேஸுக்கு மேலே, கதவு உயரத்தில் மாட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படி ஆறடியில் திரையின் நடு இருந்தால், பாயில் இருக்கும் பிள்ளைகள் முப்பது டிகிரிக்கு மேல் அண்ணாந்து பார்க்க வேண்டும், நிறமும் கழுத்தும் இரண்டும் கெடும். திரையின் நடு தரையிலிருந்து மூன்றரை அடியில் இருந்தால் சோபாவுக்கும் பாய்க்கும் பொதுவாக இருக்கும்.

பணம் கட்டும் முன் உத்தரவாத அட்டையை வாங்கிப் படியுங்கள். துரு, உப்பரிப்பு, ஈரத்தால் வந்த பழுது ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பல அட்டைகளில் இருக்கும். அந்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் பாலத்தைத் தாண்டிப் பாம்பனுக்கு வருவாரா, டிவியை ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்களா என்பதையும் கடையிலேயே கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிவியைப் பொருத்த வரும் பையன் கிளம்புவதற்கு முன், அவர் முன்னாலேயே பென் டிரைவைச் செருகிக் கறுப்பு, சாம்பல், முகம் மூன்று படத்தையும் போட்டுப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளைகள் எல்லாவற்றிலும் பாக்ஸை ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளே வந்த தெர்மோகோலையும் ஒரு மாதமாவது வைத்திருங்கள், திருப்பி அனுப்ப நேர்ந்தால் அது இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.